சின்னக் கரப்பான் சிங்க் ஓட்டையில் இல்லை, கிரைண்டரில் இருக்கிறது

கேள்வி: கிருஷ்ணகிரி டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒன்றரை வருடமாக வீட்டிலேயே சமைத்து 30 பேருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். சாயந்திரம் இட்லி மாவும் விற்கிறேன். போன வாரம் ஒரு டீச்சர், டப்பா மூடி ஓரத்தில் சின்னக் கரப்பான் குஞ்சு இருந்தது என்று போட்டோ அனுப்பினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தினமும் கழுவித் துடைக்கிறேன், வாரம் இரண்டு தடவை ஸ்ப்ரே அடிக்கிறேன், சிங்க் ஓட்டையில் பினாயில் ஊற்றுகிறேன். அப்படியும் ராத்திரி லைட் போட்டால் ஓடுகிறது. நான் எங்கே தப்பு பண்ணுகிறேன்? அந்த டீச்சருக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

அம்மா, முதலில் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஹோட்டல், மெஸ், வீட்டுச் சமையலறை என்று பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை பார்த்து வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று விஷயங்களை, அதாவது சின்னக் கரப்பான், வாராவாரம் ஸ்ப்ரே, சிங்க் ஓட்டையில் பினாயில், இவற்றைச் சேர்த்துப் பார்க்காத வீடு எனக்கு அபூர்வம். நீங்கள் சுத்தக் குறைவானவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பூச்சி ஒரு இடத்தில் குடியிருக்கிறது, நீங்கள் வேறு இடத்தில் அதைத் தேடுகிறீர்கள். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இரண்டு வகைக் கரப்பான் உண்டு. ஒன்று, கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருக்கும் பெரிய கரப்பான். அது சாக்கடையிலும் செப்டிக் டேங்க் பக்கமும் வாழ்ந்து, தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் ஏறி வரும். அதற்கு ஓட்டையில் நல்ல ஜல்லடை மூடி போட்டாலே பாதி தீர்ந்துவிடும். இன்னொன்று, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்டது மாதிரி இருக்கும் சின்னக் கரப்பான். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். இது சாக்கடைப் பூச்சி இல்லை. வீட்டுக்குள்ளேயே பிறந்து, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, வீட்டுக்குள்ளேயே சாகும். டப்பா மூடியில் வந்தது பெரும்பாலும் இதன் குஞ்சுதான். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பாக, முதுகு நடுவில் வெளிறிய பட்டையோடு, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பூச்சிக்கு மூன்று வேண்டும்: கதகதப்பு, ஈரம், உடம்பு இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி ஒரு இடுக்கு. நம் சமையலறையில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது மெஷின்களுக்குள்தான். கிரைண்டர் அடியில் மோட்டார் சூடு இருக்கிறது, டிரம்மிலிருந்து வழிந்து காய்ந்த மாவு இருக்கிறது. ஃபிரிட்ஜ் பின்னால் கம்ப்ரஸர் சூடும் அதன்மேல் ஒரு தட்டில் தேங்கிய தண்ணீரும் இருக்கின்றன. அந்தத் தட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்புறம் ஆர்.ஓ. மெஷின். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை என்பதால் ஆர்.ஓ. மாட்டியவர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் அதிகம். அந்தப் பெட்டிக்குள் எப்போதும் ஈரம், உள்ளே இருக்கும் சின்ன பம்பால் கொஞ்சம் சூடு, திறந்து பார்க்கவும் ஆள் இல்லை. கரப்பானுக்கு இதைவிட நல்ல வீடு கட்டித் தர முடியாது.

இப்போது ஸ்ப்ரேக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் டப்பா ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருப்பது, பட்டவுடன் நரம்பைத் தாக்கும் மருந்து. நேரே பட்ட பூச்சி புரண்டு விழும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் கண்ணில் படுவது கூட்டத்தில் கொஞ்சம்தான். மீதி இடுக்குக்குள் இருக்கிறது. மருந்து வாடை வந்ததும் அது இன்னும் ஆழமாகப் போகும், இல்லையென்றால் பக்கத்து அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கிளம்பும். முட்டைக் கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளுக்கு அந்த மருந்து எட்டவே எட்டாது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு மெஸ் சமையலறையில் சுவர் முழுக்க மருந்து அடித்தேன். மறுநாள் காலையில் தரை முழுக்கச் செத்த பூச்சி, முதலாளிக்கு மகிழ்ச்சி. பத்து நாளில் மாடியில் தங்கியிருந்த பையன்களின் பெட்டியிலும் படுக்கையிலும் கரப்பான். சமையலறையில் இருந்ததை நான்தான் மேலே விரட்டியிருந்தேன். அந்தப் பையன்களின் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் சாப்பாடு சமைக்கும் இடத்தில் சின்னக் கரப்பானுக்கு நான் ஸ்ப்ரே அடிப்பதில்லை. தவிர, நீங்கள் விற்பது சாப்பாடு. மேடையிலும் பாத்திரத்திலும் அந்த மருந்து படிவது தனி ஆபத்து.

சரி, என்ன செய்வது? முதல் வேலை எண்ணுவது. காலியான ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் மாதிரி ஆறு கண்ணாடி ஜாடி எடுங்கள். உள்பக்கம் வாயிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லிசாகத் தடவுங்கள். உள்ளே ஒரு துண்டு பிரட், ஒரு கீற்றுத் தேங்காய் போடுங்கள். வெளிப்பக்கம் பழைய துணியோ பேப்பரோ சுற்றினால் பூச்சி பிடித்து ஏறும், உள்ளே விழுந்தால் எண்ணெய் வழுக்கி வெளியே வர முடியாது. ஜாடிக்கு 1 முதல் 6 வரை எண் எழுதி, கிரைண்டர் பக்கம் ஒன்று, ஃபிரிட்ஜ் பின்னால் ஒன்று, அடுப்பு மூலையில் ஒன்று, ஆர்.ஓ. மெஷினுக்குக் கீழே ஒன்று, சிங்க் அடியில் ஒன்று, டப்பா அடுக்கும் ஷெல்ஃபில் ஒன்று வையுங்கள். மூன்று ராத்திரி விட்டு எண்ணி, காலண்டரில் எழுதுங்கள். கடையில் கிடைக்கும் ஒட்டு அட்டை இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான். எண்ணியதை ஒரு டப் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடுங்கள்.

இதோடு ஒரு ராத்திரி மட்டும் கண் விழித்துப் பாருங்கள். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு போங்கள். கரப்பானுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடாமல் நிற்கும். எந்த இடுக்கிலிருந்து வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். பகலில் என்றால் அடையாளத்தைத் தேடுங்கள். கீல், இழுப்பறை மூலை, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பு இங்கெல்லாம் காப்பித்தூள் சிந்தியது மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் அது எச்சம்.

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வழி தெரியும். அம்மாவும் மகனும் சேர்ந்து ராகிக் களி, கீரை, சாப்பாடு என்று கட்டிக் கொடுப்பவர்கள். உங்களை மாதிரியே மாதக்கணக்கில் சிங்க் ஓட்டையில் பினாயில் ஊற்றியவர்கள். மூன்று ராத்திரியில் ஜாடிகளில் விழுந்தது: கிரைண்டரில் 38, ஃபிரிட்ஜில் 21, ஆர்.ஓ. மெஷினில் 14, அடுப்பு மூலையில் 9, ஷெல்ஃபில் 5, சிங்கில் 2. அந்த அம்மா சிங்க் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

அடுத்த நாள் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, டிரம்மையும் கல்லையும் கழற்றி, அடிப்பகுதியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் டப் வைத்து, அடிப்பகுதியைச் சாய்த்துக் கையால் தட்டினோம். முதலில் காய்ந்த மாவுப் பொறுக்குதான் விழுந்தது. இரண்டாவது தட்டில் காற்றுத் துளைகளிலிருந்து குஞ்சும் பெரியதுமாக வேட்டி முழுக்க ஓடியது. துடைப்பத்தால் வாரி டப்பில் தள்ளினோம். சில பெண் பூச்சிகளின் பின்னால் பழுப்பு நிறத்தில் சின்னப் பை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் முட்டைக் கூடு. ஒரு கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு இருக்கும். பொரிக்கும் நேரம் வரும் வரை அதைத் தாய் சுமந்துகொண்டே திரியும்.

நீங்களும் கிரைண்டர், மிக்ஸி, கேஸ் அடுப்பு மூன்றையும் இப்படி வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காய்ந்த பெயிண்ட் பிரஷால் பொறுக்கைத் தட்டி எடுத்து, ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்து எடுங்கள். இதுவரை ஸ்ப்ரே அடித்த மேடை, சுவர் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் ஒரு தடவை துடைத்து, ஒரு வாரம் சும்மா விடுங்கள். ஸ்ப்ரே வாடை இருக்கும் இடத்தில் வைத்த மருந்தைக் கரப்பான் தொடாது.

அப்புறம்தான் ஜெல். மருந்துக்கடை, ஹார்டுவேர் கடை, ஆன்லைன் எல்லாவற்றிலும் சிரிஞ்ச் மாதிரி டியூபில் கரப்பான் ஜெல் கிடைக்கிறது. இது விரட்டும் மருந்து இல்லை, இரை. பூச்சி விரும்பித் தின்னும், உடனே சாகாமல் தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடம்பையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். நீங்கள் கை நுழைக்க முடியாத இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூச்சியே. ஜெல்லின் பலமே இதுதான்.

வைக்கும் அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைத்தால் காய்ந்துபோகும். பச்சைப்பயறில் பாதி அளவு பொட்டாக, முப்பது இடத்தில் வையுங்கள். ஜாடியில் எங்கே அதிகம் விழுந்ததோ அங்கே பொட்டும் அதிகம். ஷெல்ஃப் கீல், மேடையின் அடிவிளிம்பு, ஃபிரிட்ஜ் பின்பக்கச் சட்டம், ஆர்.ஓ. பெட்டியின் பின்பக்கம், கிரைண்டர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் மூலை. சாப்பாடு, பாத்திரம் படும் இடத்தில் கூடாது. அடுப்புச் சூடு படும் இடத்தில் கூடாது, உருகிவிடும். மின்சாரம் ஓடும் பாகத்துக்குள் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு, கையுறை போட்டுக்கொண்டு வையுங்கள். டியூப் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்து, தின்று தீர்த்த பொட்டு இருக்கும் இடத்தில் மறுபடி வையுங்கள்.

நாலாவது வாரத்தை மட்டும் மறக்காதீர்கள். முட்டைக்கூடு சுமக்கும் பெண் பூச்சி அந்த நாட்களில் சரியாகத் தின்னாது. அதனால் முதல் ஜெல்லில் தப்பிவிடும். மூன்று, நான்கு வாரத்தில் அந்தக் கூடுகள் பொரித்துக் குஞ்சு வரும். தர்மபுரி வீட்டில் முதல் வாரத்தில் 89 ஆக இருந்த மொத்தக் கணக்கு இரண்டாவது வாரத்தில் 17 ஆனது. நாலாவது வாரத்தில் திரும்பவும் 30-ஐத் தாண்டியது, எல்லாம் பொடிக்குஞ்சு. "மருந்து வேலை செய்யலீங்க, பழைய ஸ்ப்ரேயே அடிச்சிடலாமா?" என்று மகன் போன் பண்ணினார். அந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். அன்றைக்குப் புது ஜெல் வைத்தோம். ஒன்பதாவது வாரத்தில் ஆறு ஜாடியிலும் பூஜ்யம். ஆக, உங்களுக்கும் இது இரண்டு மாத வேலை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல் வைத்தும் ராத்திரி மேடையில் மாவு, எண்ணெய்ப்பிசுக்கு, எச்சில் பாத்திரம் கிடந்தால் கரப்பான் ஜெல்லைத் தேடி வராது. சாப்பாடு விற்பவர்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சிங்கில் ஒரு ஸ்பூன்கூடக் கிடக்கக் கூடாது. கிரைண்டர் கழுவிய தண்ணீர் அடியில் தேங்கக் கூடாது. மேடை துடைத்த துணியை உள்ளே சுருட்டி வைக்காமல் வெளியே கொடியில் காயப்போடுங்கள். தண்ணீர் விட்டு விட்டு வருகிற தெருவில் டிரம்மில் பிடித்து வைப்பீர்கள். அந்த டிரம்மைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, மூடியோடு வையுங்கள். தின்ன ஒன்றும் இல்லாமல் பல நாள் தாங்குகிற கரப்பான், தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் தாங்காது.

சாக்பீஸ் கோடு, வெள்ளைப் பொடி பற்றியும் ஒரு வார்த்தை. போரிக் பவுடர் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மைதாவும் உப்பும் சோடாவும் கையாளும் இடத்தில் இன்னொரு வெள்ளைப் பொடி இருப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சாக்பீஸ் கோடும் உதிர்ந்து தூளாகிப் பாத்திரத்தில் விழும். வயலுக்கு வாங்கிய மருந்தைக் கலந்து வீட்டில் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பூச்சி உயிரோடு இருந்ததா? உயிரோடு இருந்தால், அது சமைக்கும்போது விழவில்லை. சூடு தாங்கி வந்திருக்க முடியாது. டப்பாவிலேயே இருந்திருக்கிறது, இல்லையென்றால் கட்டும்போது, கட்டிய பிறகு ஏறியிருக்கிறது. சாம்பாரில் வெந்து கிடந்தால் கதை வேறு, பாத்திரம் மூடாமல் இருந்த நேரத்தைத் தேட வேண்டும். மூடி ஓரத்தில் இருந்தது என்கிறீர்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலிருந்து வரும். அந்தப் பள்ளத்தில் குழம்பு தங்கும், ஈரம் தங்கும், மூன்று மில்லிமீட்டர் குஞ்சுக்கு அளந்து வெட்டிய இடுக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் 30 டப்பாவும் தினமும் பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை என்று போய், எச்சிலோடு துணிப்பைக்குள் பல மணி நேரம் கிடந்து, சாயந்திரம் உங்கள் சமையலறைக்குத் திரும்புகின்றன. அங்கே இருக்கும் கரப்பானையும் சேர்த்துக் கொண்டுவர இதைவிட நல்ல வண்டி கிடையாது. அதனால் திரும்பி வந்த பையை உள்ளே எடுத்துப் போகாதீர்கள். வாசலிலேயே டப்பாவை எடுத்து, பையை உதறி, வெளியே ஒரு வாளியில் போடுங்கள். டப்பாவை அன்று சாயந்திரமே, ரப்பர் வளையத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு டப்பா தனியாக, மூடி தனியாக, கிரைண்டர் பக்கம் இல்லாத ஷெல்ஃபில் கவிழ்த்து வைத்து, வெள்ளைத் துணியால் மூடுங்கள். மூடிவைத்த ஈர டப்பாதான் பூச்சிக்கு அழைப்பு. காலையில் சாப்பாடு போடுவதற்கு முன் ஒவ்வொரு மூடியின் பள்ளத்தையும் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். 30 மூடிக்கு ஐந்து நிமிடம் ஆகும். துணிப்பை இரண்டு செட் வைத்து, ஒன்று துவைத்து வெயிலில் காயும்போது இன்னொன்றைப் பயன்படுத்துங்கள். தையல் மடிப்பில்தான் குஞ்சு ஒளியும்.

கடையிலிருந்து வருகிற அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, வெங்காயச் சாக்கு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். வாசலில் பிரித்து, பொருளை டப்பாவுக்கு மாற்றி, அட்டையை வெளியே போட்டுவிடுங்கள். தர்மபுரி வீட்டில் பூஜ்யம் ஆன நான்கு மாதம் கழித்து ஷெல்ஃப் ஜாடியில் திடீரென்று 3 விழுந்தது. தேடினால், இடியாப்பத்துக்குத் தட்டு வைக்க வசதியாக இருக்கிறது என்று சேர்த்து வைத்திருந்த முட்டை அட்டைகள். அதைத் தூக்கிப் போட்டு ஐந்து பொட்டு ஜெல் வைத்ததோடு நின்றது. ஜாடி இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு மாதம் கழித்து நூறாகத்தான் தெரிந்திருக்கும். அதனால் பூஜ்யம் ஆன பிறகும் மாதத்தில் மூன்று ராத்திரி ஜாடி வையுங்கள்.

வாடகை வீடு என்றீர்கள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி இருந்தால், குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லி இரண்டு ஜாடி வைக்கச் சொல்லுங்கள். அங்கேயும் விழுந்தால் ஜெல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதுதான் லாபம். பகலிலேயே கரப்பான் நடமாடினால், அல்லது இரண்டாவது ஜெல்லுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் பூச்சி மருந்து அடிக்கும் உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, ஜெல் வைப்பாரா என்று கேளுங்கள். எடுத்தவுடன் பம்ப்பைத் தூக்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டீச்சருக்கு இன்றே பதில் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அப்படி இருக்கவே இருக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கண்ணால் பார்த்ததை இல்லை என்பது பூச்சியைவிட மோசம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "டீச்சர், நீங்கள் சொன்னது சரி. தப்பு எங்கள் பக்கம்தான், மன்னிக்கணும். அன்றைய சாப்பாட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் பண்ண இரண்டு நாள் சாப்பாடு நிறுத்துகிறேன். மூடி ரப்பர் எல்லாம் புதுசாக மாற்றுகிறேன். இனி தினமும் நானே பார்த்துதான் மூடுவேன்." அந்த இரண்டு நாள் விடுமுறையை 30 பேருக்கும், காரணத்தோடு சொல்லுங்கள். இரண்டு பேர் நிற்கலாம். ஆனால் போட்டோ வேறு வழியில் சுற்றி வந்து தெரிந்தால் பத்துப் பேர் நிற்பார்கள்.

வாடிக்கையாளர் உங்கள் கிரைண்டர் அடியைப் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது வேறு. மாவு வாங்க வாசலுக்கு வருபவர், நீங்கள் காசு வாங்கிய கையால் மாவு கரண்டியைப் பிடிக்கிறீர்களா என்று பார்க்கிறார். வாசலில் ஒரு டப்பா வைத்து அவர்களையே காசு போடச் சொல்லுங்கள், போனில் அனுப்புகிறவர்களுக்கு ஸ்கேன் அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். போனைத் தொட்டால் கை கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் வராதீர்கள். சமைக்கும்போது தலையில் துணி, ஒட்ட வெட்டிய நகம், விரலில் காயம் இருந்தால் கட்டுப் போட்டு அதன்மேல் கையுறை. டப்பாவைத் திறந்தவுடன் வரும் பழைய குழம்பு வாடையும், பையின் அடியில் எண்ணெய்க் கறையும்தான் பலரை ஒன்றும் சொல்லாமலே நிறுத்த வைக்கின்றன. அந்த வாடையும் ரப்பர் வளையத்திலிருந்துதான் வருகிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் அது வேண்டும். அந்த 14 இலக்க எண் மாவுப் பாக்கெட்டில் இருக்கட்டும். பூச்சி வராமல் பார்த்துக்கொள்வது அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் காலண்டரில் எழுதும் ஜாடிக் கணக்கு, அதிகாரி கேட்டால் காட்டவும் உதவும்.

மாம்பழக் காலத்தில் உங்கள் ஊரில் ஈத் தொல்லை வரும், அதற்கு மருந்து வேண்டாம். தோல், கொட்டை, எச்சில் எல்லாவற்றையும் மூடி போட்ட வாளியில் வைத்து அன்றன்றே அகற்றுங்கள். இந்த வெயிலுக்கு ஈ முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும், குப்பை அத்தனை நாள் தங்கக் கூடாது. பல்லிக்குப் பயம் இருந்தால் சாப்பாடு கட்டும் மேடைக்கு நேர் மேலே இருக்கும் டியூப்லைட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது.

இன்று ராத்திரி ஆறு ஜாடியும் வையுங்கள். மூன்று நாள் கழித்து எந்த ஜாடியில் எத்தனை விழுந்தது, அதில் குஞ்சு எத்தனை, பெரியது எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். முதல் ஜெல்லை எங்கே அதிகம் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.